முதல் பக்கத்தில் ஒரு வியாழக்கிழமை

வெர்னன் ஹால்வர்சனுக்கு ஒருவரை அவமானப்படுத்துவதென்றால் தனி அறை ருசிப்பதில்லை. கூட்டம் வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவனுக்குக் கூட்டம் தானாகவே அமைந்தது. கணக்குப் பிரிவில் யாருக்கோ பிறந்தநாள் என்று உணவறையில் கிரிங்கிள் என்கிற பாதாம் இனிப்பு ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே மில்வாக்கி முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்ததால் மதியம் யாரும் வெளியே போகவில்லை. சட்ட நிறுவனத்தின் பாதிப்பேர் காகிதத் தட்டோடு அங்கேதான் நின்றார்கள். வெர்னன் கையில் தட்டு இல்லை, அனெட் குபியாக் எழுதிய சட்டக் குறிப்பு இருந்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் மூச்சை நல்லா இழுத்துக்குங்க. நான் ஒரு வாக்கியம் படிக்கப் போறேன். முடியற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது" என்றான்.

சிலர் அப்போதே சிரிக்கத் தயாரானார்கள்.

"பிரச்சினை," என்று தலைப்பைச் சொல்லிவிட்டுப் படித்தான். "'குடும்ப மற்றும் மருத்துவ விடுப்புச் சட்டத்தின் கீழான தனது உரிமையை முற்றிலும் துய்த்துத் தீர்த்துள்ள ஊழியர் ஒருவர், அதற்கு மேலும் விடுப்புக் கோருமிடத்து, அக்கோரிக்கை ஊனமுற்றோர் சட்டத்தின் பொருள்படி நியாயமான வசதியாகக் கொள்ளத்தக்கதா, அங்ஙனமாயின் அதனை மறுத்து அவரைப் பணிநீக்கம் செய்யும் நிறுவனம் எவ்வகைப் பொறுப்புக்கு உள்ளாகக்கூடும் என்பது.' சரி, மூச்சு விடுங்க. இப்ப சுருக்க விடை. 'இது அந்தந்த வழக்கின் உண்மைகளையும் சூழ்நிலைகளையும் பொறுத்தது.' இதுக்கப்புறம் பதினாலு வரி இருக்கு. ஒரு வரியிலயும் விடை இல்லை."

சிரிப்பு எழுந்தது. கொஞ்சம் பேர் கிரிங்கிளைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கும் இது நடந்திருக்கிறது.

"டீச்சரம்மா," என்றான் வெர்னன், அவள் பக்கம் திரும்பி. "உங்க கிளாஸ்ல ஒரு பையன் இப்படி எழுதியிருந்தா எவ்வளவு மார்க் போடுவீங்க?"

அனெட் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள். அதை விட்டுவிட்டு, கடன் வாங்கிச் சட்டம் படித்து, மற்றவர்கள் பங்குதாரர் ஆகிற வயதில் இங்கே கீழ்ப்படியில் வந்து சேர்ந்திருந்தாள். வெர்னன் அவளைவிட இளையவன், ஆனால் பங்குதாரன். வசந்தம் வருவதற்குள் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பங்குதாரர்கள் கூடி முடிவு செய்வார்கள். அனெட் விஷயத்தில் வெர்னன் சொல்வதுதான் முடிவு. இது அறையிலிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"திருப்பி எழுதித் தரேன்" என்றாள். வேறு என்ன சொல்வது?

"சாயந்திரத்துக்குள்ள. லோரெய்ன் ஷ்ராமுக்கு அனுப்பணும். நேத்து போனதை ரெண்டு தடவை படிச்சிட்டு, 'இது எந்த பாஷை'ன்னு என்கிட்ட கேட்டாங்க. வாங்க உள்ள."

தன் அறையில், கூட்டம் இல்லாத இடத்தில், வெர்னன் கொஞ்சம் மனிதனாகப் பேசினான். லோரெய்ன் ஷ்ராம் அவனுடைய மிகப் பெரிய கட்சிக்காரர். வெஸ்ட் ஆலிஸில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, ஊருக்கு வெளியே இன்னும் இரண்டு. அந்த அம்மாள் உட்கார்ந்து எதையும் படிப்பதில்லை. எல்லாம் கைப்பேசியில், காரில், சிகப்பு விளக்கில்.

"சிகப்பு விழுந்து பச்சை விழறதுக்குள்ள அவங்களுக்குப் புரியணும்" என்றான். "அதான் பரிட்சை. அவங்க போன்ல முதல் திரையில என்ன தெரியுதோ, அதுதான் குறிப்பு. மிச்ச ஆறு பக்கம் நாளைக்கு நம்ம மேல யாராவது கேஸ் போட்டா காட்டறதுக்கு. 'ஊழியர் ஒருவர்'னு எழுதியிருக்கீங்க. எந்த ஊழியர்? அந்த ஆளுக்குப் பேரு இல்லையா? எவ்வளவு நாள் லீவு எடுத்தான், இன்னும் எவ்வளவு கேக்கறான், அதையெல்லாம் கேள்விக்குள்ளயே வைங்க. சட்டத்தோட முழுப்பேரைத் தூக்கி வாசல்ல வெக்காதீங்க. விடையில முதல் வார்த்தை ஆமாவா இல்லையான்னு இருக்கணும். நிச்சயமா தெரியலைன்னா 'பெரும்பாலும்'. 'பொறுத்தது'ன்னு எழுதினா எதைப் பொறுத்ததுன்னு அதே மூச்சுல சொல்லணும். தீர்ப்போட பேரெல்லாம் மேல வேணாம், அது உள்ள தூங்கட்டும்."

ஆள் எப்படிப்பட்டவன் என்பது வேறு விஷயம், சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அனெட்டுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. முட்டாள் திட்டினால் உதறிவிட்டுப் போகலாம்.

தன் மேசைக்கு வந்து கோப்பைத் திறந்தாள். 'ஊழியர் ஒருவர்' என்று அவள் எழுதியிருந்த ஆளின் பெயர் ரஸ்ஸல் டோமன். ஷ்ராம் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் இயந்திரம் ஓட்டுகிறவர். குடலில் கட்டி. அறுவை முடிந்து மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சட்டம் தரும் பன்னிரண்டு வார விடுப்பு நேற்றோடு தீர்ந்துவிட்டது. இன்னும் மூன்று மாதம் கேட்டிருந்தார். அவருடைய இடத்தில் தற்காலிகமாக வந்த பையன் சுறுசுறுப்பாக இருக்கிறான், நிரந்தரமாக்கு இல்லையென்றால் போகிறேன் என்கிறான். அதனால்தான் லோரெய்ன் கேட்டாள்: ரஸ்ஸலை எடுத்துவிட்டால் எனக்கு என்ன ஆகும்?

கோப்பில் ரஸ்ஸல் பணியாளர் பிரிவுக்கு எழுதிய மின்னஞ்சலும் இருந்தது. அனெட் அதை முன்பே படித்திருந்தாள். 'வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன். மூணு மாசம்னு கேட்டது பயத்துல கேட்டது. அரை ஷிப்ட்டா சீக்கிரமே ஆரம்பிக்க முடியுமான்னு அவர்கிட்ட கேக்கறேன். அதுவரைக்கும் என் இடத்தைக் குடுத்துடாதீங்க. ரெண்டாம் நம்பர் மெஷின்ல பசை கூடிப்போச்சுன்னா ரோலரைத் துடைக்கச் சொல்லுங்க, இல்லன்னா பெட்டி ஓரம் பிரிஞ்சுக்கும்.'

தேதிகளைச் சரிபார்க்கத் தொழிற்சாலைக்குப் பேசினாள். பணியாளர் பிரிவில் இருந்த ஜூடித் பெல்கே வாயாடி, ஆனால் நல்ல மாதிரி.

"நீங்கதான் அதை எழுதினதா?" என்றாள் ஜூடித். "லோரெய்ன் அம்மா என்கிட்ட போனை நீட்டி, 'இதுல என்னடி சொல்லியிருக்கு'ன்னாங்க. எனக்கும் ஒரு எழவும் விளங்கலை. 'சரி, விளங்கற வரைக்கும் ரஸ்ஸலைத் தொடாதே'ன்னுட்டாங்க. உங்க புண்ணியத்துல அந்த மனுஷன் இன்னிக்கும் சம்பளப் பட்டியல்ல இருக்கான்."

"வேலை போனா அவருக்கு இன்ஷூரன்ஸ் என்னாகும்?"

"மாசக் கடைசியோட கட். வேணும்னா முழுசையும் கைக்காசு போட்டுக் கட்டிக்கலாம், அது யாரால ஆகும்? மருந்து இன்னும் பாதி பாக்கி இருக்கு அவனுக்கு. விடுங்க, நான் இதெல்லாம் பேசக்கூடாது."

அனெட் தொலைபேசியை வைத்தாள். தன் வழவழா கொழகொழா வாக்கியம்தான் ஒரு ஆளின் மருந்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதத் தெரியாமல் எழுதியது நல்லதாகப் போயிருந்தது. இப்போது எழுதத் தெரிந்தவளாக எழுத வேண்டும்.

எழுதினாள். சரித்திரம் நடத்தியவளுக்குச் சுருக்கிச் சொல்ல வராது என்று யார் சொன்னது? பயம்தான் அவளை நீட்டி முழக்க வைத்திருந்தது. பயத்தை ஓரமாக வைத்ததும் வாக்கியம் தானாக வந்தது.

'பிரச்சினை: ரஸ்ஸல் டோமனின் பன்னிரண்டு வார விடுப்பு முடிந்துவிட்டது. புற்றுநோய் சிகிச்சைக்காக இன்னும் மூன்று மாதம் கேட்கிறார். அதைக் கொடுக்காமல் இப்போது அவரை வேலையிலிருந்து நீக்கினால், ஊனமுற்றோர் சட்டப்படி கம்பெனி மாட்டிக்கொள்ளுமா?

சுருக்க விடை: பெரும்பாலும் இல்லை. வேலை செய்ய முடியாதவருக்குப் பல மாத விடுப்பை முதலாளி கொடுத்தே ஆகவேண்டும் என்று நம் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லவில்லை.'

இங்கே நிறுத்தினால் ரஸ்ஸலின் கதை இன்றோடு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. தவிர, இதோடு நிறுத்தினால் அது முழு உண்மையும் ஆகாது. பல மாதம் என்றால் ஒரு சட்டம், சில வாரம் என்றால் இன்னொன்று. அரை ஷிப்ட்டில் திரும்பி வருகிறேன் என்பவரைத் துரத்துவது நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம். அவள் அடுத்த வரியை எழுதினாள். அதை எழுதும்போது, எத்தனையோ நாள் கழித்து, ஒரு நல்ல காரியம் செய்கிற தெம்பு வந்தது.

'ஆனால், சில வாரங்களிலோ அரை ஷிப்ட்டிலோ அவர் திரும்பலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டால் விடை தலைகீழாகிவிடும்: அதன் பிறகு நீக்கினால் கம்பெனி வழக்கில் தோற்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் மருத்துவரைப் பார்ப்பது வியாழக்கிழமை. ஆகவே மருத்துவரின் பதில் வரும்வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்.'

படித்துப் பார்த்தாள். வாய்விட்டும் ஒருமுறை படித்தாள். ஒரு சிகப்பு விளக்குக்குள் அடங்கியது. இதைப் படித்த யாரும் வியாழன் வரை பொறுக்காமல் இருக்க முடியாது என்று நினைத்தாள். நல்லவர்கள் எழுதும்போது, படிப்பவரும் நல்லவர் என்று எண்ணிக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, அதற்கு மருந்தில்லை.

வெர்னன் நின்றுகொண்டே படித்தான். முகத்தில் முதன்முறையாக மரியாதை தெரிந்தது.

"அட, டீச்சரம்மா," என்றான். "இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இத்தனை நாளா? தங்கம்! இந்த வியாழக்கிழமை இருக்கே, இதுதான் வேலை. சட்டத்தை நாள்கிழமையோட சொன்னா எந்தக் கழுதைக்கும் புரியும்."

பேனாவை எடுத்துக் கடைசி வரியை மட்டும் அடித்தான்.

"இது ஏன்?"

"இது விடை இல்லை, புத்திமதி. அவங்க கேட்டது ஆபத்து எவ்வளவுன்னு. என்ன செய்யணும்னு கேக்கலை. முதல் பக்கத்துல முதலாளிக்குப் புத்தி சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது. கடைசிப் பக்கத்துல 'பரிந்துரைகள்'னு தலைப்பு இருக்குல்ல, அங்க போட்டுடுங்க."

"கடைசிப் பக்கத்தை அவங்க படிக்க மாட்டாங்கன்னு இப்பதானே சொன்னீங்க?"

வெர்னன் அவளை ஒரு கணம் பார்த்தான். "படிக்கலைன்னா அது அவங்க தலையெழுத்து. நாம சொல்லலைன்னு யாரும் சொல்ல முடியாது. அதுதான் நமக்கு வேணும். மேல இருக்கறதைப் பார்த்தாலே பொறுக்கணும்னு தெரியாதா என்ன? லோரெய்ன் என்ன பச்சைக் குழந்தையா?"

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அல்லது தோன்றட்டும் என்று விட்டுவிட்டாள். வசந்தம் வரப்போகிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, படித்த கடன் இருக்கிறது. இப்போது போய் ஒரு வரிக்காகச் சண்டை பிடிக்க அவளுக்குத் துணிவில்லை. வரியைத் தூக்கி ஏழாம் பக்கத்தில், எந்தக் கண்ணும் படாத இடத்தில், ஒழுங்காக வைத்தாள். இருட்டுவதற்குள் குறிப்பு போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை காலை லோரெய்ன் ஷ்ராம் கூப்பிட்டாள். வெர்னன் அனெட்டையும் அறைக்குள் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டான். பின்னணியில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் கார் கழுவும் இயந்திரத்துக்குள் காரை விட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்பா வெர்னன், இத்தனை வருஷத்துல வக்கீல் எழுதினது ஒண்ணு எனக்குப் புரிஞ்சது இதுதான் முதல் தடவை. யாரு எழுதினா?"

"நம்ம அனெட்தான். இங்கதான் இருக்காங்க."

"நல்லா இரும்மா. சிக்னல்ல நிக்கறப்ப படிச்சேன், பச்சை விழறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். நேத்தே ஜூடித்தை விட்டு அந்த ஆளுக்கு லெட்டர் குடுத்தாச்சு."

தண்ணீர்ச் சத்தம் நின்று, பெரிய தூரிகைகள் உரசுகிற சத்தம் தொடங்கியது.

"லெட்டர்னா?" என்றாள் அனெட்.

"வேலை இல்லைன்னுதான். டாக்டர் எழுதிக் குடுத்துட்டா வம்பு, வியாழக்கிழமைக்கு முன்னாடி முடிச்சிடணும்னு நீதானே தெளிவாப் போட்டிருந்தே? சாதாரணமா இதெல்லாம் நான் தள்ளிப் போடுவேன். எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ரஸ்ஸல் நல்ல வேலைக்காரன், அவன் கல்யாணத்துக்குக்கூடப் போயிருக்கேன். ஆனா நாள் குறிச்சுக் குடுத்தப்புறம் என்ன பண்றது? புதன்கிழமை ஒண்ணுதான் கையில இருந்துச்சு."

அனெட் வெர்னனைப் பார்த்தாள். இப்போதாவது அவன் சொல்லுவான் என்று நினைத்தாள்.

"லோரெய்ன், கடைசிப் பக்கம் பாத்தீங்களா?" என்று கேட்டான் வெர்னன், மெதுவாக.

"கடைசிப் பக்கமா? அதை எவன் படிப்பான்? ஏன், அதுல ஏதாவது இருக்கா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அன்று சாயங்காலத்துக்குள் ரஸ்ஸலைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். டாக்டர் அறை வாசலில் அந்த ஆள் தன் முறைக்காக உட்கார்ந்திருந்த நேரம் அது.

"இல்ல, வழக்கமா போடறதுதான்" என்றான் வெர்னன்.

அனெட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பற்றி நல்லதாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால், திறக்க நினைத்தாள் என்று சொல்லலாம். நினைத்ததற்கு யாரும் சம்பளமும் தருவதில்லை, மன்னிப்பும் தருவதில்லை.

"இனிமே என் வேலை எல்லாத்தையும் அந்தப் பொண்ணுகிட்டயே குடு" என்று சொல்லிவிட்டு லோரெய்ன் வைத்துவிட்டாள்.

வெர்னன் நாற்காலியில் சாய்ந்தான். "கேட்டீங்கல்ல? இனி உங்க வேலையில எவனும் கை வெக்க முடியாது. லோரெய்ன் கேட்டு நான் இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"அந்த ஆளுக்கு—"

"அந்த ஆளு நம்ம கட்சிக்காரன் இல்லை, அனெட்." முதல் முறையாக டீச்சரம்மா என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் மீன் வறுவல் சாப்பிட அவளை அழைத்துப் போனான். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை மீன் என்பது சும்மா சாப்பாடில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதில் உன் இடம் தெரிந்துவிடும். மற்ற பங்குதாரர்கள் இரண்டு பேர் மேசையைக் கடக்கும்போது நின்று அவளுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். தட்டில் பெர்ச் மீன், கோஸ் சாலட், ரை ரொட்டி. அனெட்டுக்கு மீன் உள்ளே இறங்கவில்லை, ஆனாலும் தின்றாள்.

ஜூடித்தின் அழைப்பு அப்போதுதான் வந்தது. அனெட் எழுந்து மேலங்கிகள் தொங்கும் மூலைக்குப் போய்ப் பேசினாள்.

"ரஸ்ஸல் வந்தான்" என்றாள் ஜூடித். அவள் குரலில் வாயாடித்தனம் இல்லை. "இப்பதான் போறான். நான் அனுப்பின லெட்டர் தபால்ல இருக்கு போல, அவனுக்கு இன்னும் போய்ச் சேரலை. போன்ல சொல்ல எனக்கு வாய் வரலை, அது என் தப்பு. டாக்டர் சீட்டை எடுத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்திருக்கான். அட்டையைத் தேய்ச்சா கேட் திறக்கலை. 'மெஷின் கெட்டுப் போச்சா ஜூடித்'னு கேக்கறான். பனியில நின்னுக்கிட்டு, அந்தக் கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, நான்தான் சொன்னேன்."

"சீட்டுல என்ன இருக்கு?"

"ரெண்டு வாரத்துல அரை ஷிப்ட். அப்புறம் முழு ஷிப்ட். டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கார். ரஸ்ஸல் கத்தக்கூட இல்லைங்க. 'சரி, ரெண்டாம் நம்பர் ரோலரைத் துடைக்கச் சொன்னியா'ன்னு கேட்டான். நான் அழுதுட்டேன். அம்மா கேக்கச் சொன்னாங்க: இந்தச் சீட்டு இப்ப வந்ததால ஏதாவது ஆகுமா? எழுதிக் குடுங்க, முன்ன மாதிரியே தெளிவா."

மேசைக்குத் திரும்பி வெர்னனிடம் சொன்னாள். அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "போய் எழுதுங்க, நான் வரேன்" என்றான்.

அனெட் நேராக அலுவலகம் போனாள். பனியில் நனைந்த காலணியைக்கூடக் கழற்றவில்லை. இந்த முறை விடை அவளுக்குத் தேட வேண்டியதாக இல்லை. சீட்டு பின்னால் வந்தது உண்மைதான். ஆனால் வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போவதாகவும், அரை ஷிப்ட் கேட்கப்போவதாகவும் ரஸ்ஸல் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அது கம்பெனியின் கையில் இருக்கும்போதே, அந்த வியாழனுக்கு முந்தின நாள் நீக்கியிருக்கிறார்கள். இதை ஜூரியின் முன்னால் வைத்தால் எப்படித் தெரியும்? அவள் எழுதினாள்:

'பிரச்சினை: வியாழக்கிழமை மருத்துவரைப் பார்த்து அரை ஷிப்ட் பற்றிக் கேட்கப்போவதாக ரஸ்ஸல் டோமன் முன்பே எழுதியிருந்தார். கம்பெனி அவரைப் புதனன்று நீக்கியது. இரண்டு வாரத்தில் வரலாம் என்று இப்போது மருத்துவர் சொல்லிவிட்டார். கம்பெனிக்கு ஆபத்து உண்டா?

சுருக்க விடை: ஆம், கணிசமாக. பதில் வந்துவிடுமே என்று பயந்து அவசரமாக நீக்கினார்கள் என்று ஜூரி நினைக்க இடமிருக்கிறது. அவரை இப்போதே திரும்ப எடுத்துக்கொண்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.'

இதைவிட நன்றாக அவள் எதையும் எழுதியதில்லை. லோரெய்ன் எப்படிப் படிப்பாள் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அந்த அம்மாள் வேகமாகப் புரிந்துகொண்டு வேகமாகச் செய்வாள். ஆபத்து என்ற சொல்லைக் கண்டதும் அடுத்த சிக்னலிலேயே ஜூடித்தைக் கூப்பிடுவாள். திங்கட்கிழமை கேட் திறக்கும். கத்தி எந்தப் பக்கம் வெட்டும் என்று தெரிந்துவிட்டதால், இந்த முறை அவள் சரியான பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

வெர்னன் வந்து படித்தான். இரண்டு முறை படித்தான். கதவைச் சாத்தினான்.

"இதை அனுப்ப முடியாது."

"தப்பா இருக்கா?"

"தப்பே இல்லை. அதான் பிரச்சினை. இதைப் படிச்சதும் லோரெய்ன் என்ன கேப்பாங்க? 'இவ்வளவு ஆபத்துன்னா முதல்லயே பொறுன்னு ஏன்டா சொல்லலை'ம்பாங்க. சொன்னோம்னு நாம ஏழாம் பக்கத்தைக் காட்டுவோம். 'ஏழாம் பக்கத்துல ஏன்டா வெச்சே'ன்னு கேப்பாங்க. அப்ப யாரைக் காட்டறது? உங்களைக் காட்டட்டுமா?"

அனெட் தான் எழுதியதைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள்.

"உங்க பழைய ஸ்டைல்ல எழுதுங்க" என்றான் வெர்னன். குரல் ரொம்பவும் இதமாக இருந்தது. "அன்னிக்கு நான் படிச்சுக் காட்டினேன்ல, அந்த மாதிரி. 'கொள்ளத்தக்கதா, அங்ஙனமாயின்'. ஆபத்து இருக்குன்னு சொல்லணும், சொல்லாம விடக்கூடாது, அது நம்ம தொழில் தர்மம். உள்ள எங்கயாவது சொல்லுங்க. திரும்ப எடுத்துக்கறதைக் கடைசிப் பக்கத்துல போடுங்க."

"அவங்களுக்குப் புரியாது, வெர்னன்."

"புரியலைன்னா கேப்பாங்க. கேக்கலைன்னா விஷயம் ஆறிடுச்சுன்னு அர்த்தம்."

உணவறையில் அத்தனை பேர் நடுவில் அவளைக் கிழித்தானே, அன்று அவள் வெறுத்ததைவிட ஆயிரம் மடங்கு அவனை இப்போது வெறுத்தாள். அந்த வெறுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்று கேட்டால், உட்கார்ந்து எழுதினாள். அதுவும் சுலபமாக வந்தது. பேர் போய் 'முன்னாள் ஊழியர்' ஆயிற்று. வியாழக்கிழமை போய் 'பிற்பட்டதொரு தேதி' ஆயிற்று. ஆம் என்ற சொல்லைத் தூக்கிவிட்டு 'உண்மைகளையும் சூழ்நிலைகளையும் பொறுத்து' என்று போட்டாள். டாக்டரின் சீட்டு 'பணிநீக்கத்திற்குப் பின் பெறப்பட்ட மருத்துவ ஆவணம்' என்று ஆகி, ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், மூன்று 'எனினும்'களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லாம் உண்மைதான், ஒரு சொல்லும் பொய்யில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை கடைசிப் பக்கத்தில் கடைசிப் பத்தியில் ஒழுங்காக இருந்தது.

வெர்னன் ஒரு இடத்தில்கூடப் பேனா வைக்கவில்லை. "பிரமாதம்" என்றான்.

அனுப்பினாள். கீழே தெருவில் பனியை வாரிக்கொண்டு ஒரு வண்டி போயிற்று. லோரெய்னின் பதில் உடனே வந்தது. அந்த அம்மாள் எங்கோ ஒரு சிகப்பு விளக்கில் நின்றிருக்க வேண்டும்.

'வந்தது. நன்றி அனெட். கொஞ்சம் பெருசா இருக்கு, நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன்.'